வீட்டுப் படத்துக்கு எத்தனை தமிழ்ச் சொல்? எமோஜி நொடிகளைப் பற்றிக் கொஞ்சம்

"எமோஜியைப் பார்த்துத் தமிழ்ச் சொல்லை எழுதுக" எண்ட தலைப்போடு வரும் வினாத்தாள் ஒன்றாவது உங்கட போனில் இருக்கும். ஆசிரியர்களுடைய வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும், பெற்றார் குழுக்களில் சுற்றும், பிறகு ஏதாவது ஒரு தமிழ்த்தின விழாவில் போட்டியாக வந்து நிற்கும். 🐘 யானை. ☂️ குடை. 🍎 அப்பிள். இருபது படம், இருபது கோடு, இருபது புள்ளி. பிள்ளையள் விருப்பமாகத்தான் செய்வினம். வகுப்பு கலகலப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நாற்பது நிமிடத்தில் புதிதாக ஒரு சொல்லாவது படித்தார்களா எண்டு கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

ஏனெண்டால் ஆறாம் தரத்துப் பிள்ளைக்கு யானை மூன்று வயசிலேயே தெரியும். தெரிந்த சொல்லுக்குப் படம் காட்டினால் அது பயிற்சி இல்லை, பெயர் கூப்பிடுதல். தெரியாத சொல்லுக்குப் படம் காட்டினால் இன்னொரு சிக்கல். படத்தைப் பார்த்தவுடன் சொல் வராது. சில பிள்ளைகளுக்கு முதலில் ஆங்கிலம் வரும், அதிலிருந்து தமிழுக்கு ஒரு தாவல். இரண்டிலும் படம் சும்மா ஒரு அலங்காரம்.

அதோட, விடைத்தாள் எண்டு ஒன்று பின்னால வரும். அதில் 🪑 நாற்காலி எண்டு இருக்கும். கதிரை எண்டு எழுதின பிள்ளைக்குச் சிவப்புப் பேனை. இதைப் பற்றிப் பிறகு விரிவாகப் பேச இருக்கு, இப்போதைக்குக் குறித்து வைத்துக்கொள்ளுங்கோ.

எங்கட நிலைப்பாடு இதுதான்: எமோஜியை வைத்துத் தமிழ்ச் சொல் படிப்பிக்கலாம், ஆனால் ஒரு படத்துக்கு ஒரு சொல் எண்ட முறையில் இல்லை. இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேணும். விடை அந்த இரண்டும் சேர்ந்து பிறக்கிற மூன்றாவது சொல்லாக இருக்க வேணும். அப்பதான் அது நொடி. எங்கட ஊர்களில் கிழவிகள் போட்ட நொடிகளிலும் இதுதானே நடந்தது. தெரிந்த இரண்டைச் சொல்லித் தெரியாத ஒன்றைக் கேட்பது. எமோஜி எண்ட சொல்லே அப்படித்தான். ஜப்பானிய மொழியில் 'எ' எண்டால் படம், 'மொஜி' எண்டால் எழுத்து. 1999இல் ஷிகேதகா குரித்தா ஒரு ஜப்பானியத் தொலைபேசி நிறுவனத்துக்காக 176 சின்னப் படங்களை வடிவமைத்தபோது, அது எழுத்துக்குப் பக்கத்தில் நிற்கிற படமாகத்தான் இருந்தது. எமோஷன் எண்ட ஆங்கிலச் சொல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. தமிழில் சொல்வதெண்டால் 🖼️🔤, படவெழுத்து. பாருங்கோ, முதல் நொடி இப்பவே வந்திட்டுது.

தமிழுக்கு இந்த முறை பொருந்துவதற்கு ஒரு காரணம் இருக்கு. தமிழில் புதுச் சொற்கள் பெரும்பாலும் பழைய இரண்டு சொற்களை ஒட்டித்தான் செய்யப்படுகின்றன. அதுவும் எங்கட ஒட்டு வேற மொழியின் ஒட்டு இல்லை. ஆங்கிலத்தில் வானவில்லைச் சொல்ல மழையையும் வில்லையும் வைப்பினம்: 🌧️🏹. மலையாளத்திலும் அது மழவில்தான். தமிழில் அது மழை இல்லை, வானம்: ☁️🏹. ஆங்கில நொடியை இறக்கித் தமிழ் வகுப்பில் போட்டால் பிள்ளை "மழைவில்" எண்டு எழுதும். பிள்ளையில் பிழை இல்லை, நொடி அவளுக்காகச் செய்யப்படவில்லை.

இனி ஒரு வகுப்புக்கான நொடித்தாளை எப்படிக் கட்டுவது எண்டு, ஒரேயொரு படத்தை வைத்துக்கொண்டு பார்ப்பம். படம்: 🏠.

இதைக் காட்டி என்ன எண்டு கேட்டால் எல்லாரும் வீடு எண்டுதான் சொல்லுவினம். சரி. இப்ப பக்கத்தில் புத்தகத்தை வைப்பம்: 📚🏠. பிள்ளையள் முதலில் "புத்தக வீடு" எண்டு சிரிப்பினம். பிறகு யாராவது ஒரு ஆள் "லைப்ரரி" எண்டு சொல்லும். அதுக்குத் தமிழ்? நூலகம். அந்தச் சொல் எல்லாருக்கும் தெரியும், பெயர்ப்பலகையில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதுக்குள்ள ஒரு நூலும் ஒரு அகமும் இருப்பதைப் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு நாளும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டினம். கரும்பலகையில் எழுதுங்கோ: நூல் + அகம். அகம் எண்டால் உள், வீடு, இடம். இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த வேணும். இலக்கணம் இப்ப வேண்டாம்.

அடுத்தது 💊🏠. நூலகத்தைப் பார்த்த பிள்ளை இதைத் தானாகவே பிடிக்கும்: மருந்தகம். அடுத்தது 🍛🏠: உணவகம். ✉️🏠: அஞ்சலகம் எண்டும் வரும், தபாலகம் எண்டும் வரும், இரண்டும் சரி. இந்த இடத்தில் வகுப்பு வேகம் எடுக்கும். 🏠 எண்டால் இனி வீடு இல்லை, அகம் எண்டு பிள்ளைகளுக்குள் ஒரு ஒப்பந்தம் வந்துவிடும். நொடியின் முழுப் பலமும் இந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கு. இருபது புதுப் படத்தைக் கொட்டுவதிலும் பார்க்க, ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வர வைத்து அதன் தமிழை மாற்றிக் காட்டுவது பத்து மடங்கு பிரயோசனம்.

பிறகு கொஞ்சம் கஷ்டமானதை வைக்க வேணும். 🍞🏠. இதுக்கு வகுப்பில் முதலில் வரும் விடை "பாண்கடை". அது உயிருள்ள சொல், அதை வெட்டக் கூடாது. ஆனால் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் வளர்ந்த பிள்ளை வெதுப்பகம் எண்ட பலகையைப் பார்த்திருக்கும். இங்க படம் சொல்லை முழுசாகக் காட்டித் தராது. வெதுப்பகத்துக்குள் பாண் எண்ட சொல் இல்லை, வெதுப்புதல் இருக்கு. சூட்டில் வைத்து எடுக்கிற வேலை. ஆகவே ஒரு படம் கூட வேணும்: 🔥🍞🏠. "நெருப்பில வாட்டி எடுக்கிறதுக்கு என்ன சொல்லு?" எண்டு ஒரு கேள்வி போட்டால் போதும். வெதுப்பு எண்ட வினை அந்த வகுப்பில் பல பேருக்குப் புதுசாக இருக்கும். இதுதான் நாங்கள் தேடின புதுச் சொல். தெரிந்த நாலு அகத்துக்குப் பிறகு வருவதால் அது ஒட்டும்.

கடைசியாக ⛰️🏠.

இதில் கொஞ்ச நேரம் நிற்க வேணும். நூலகம், மருந்தகம் வழியாக வந்த பிள்ளை மலையகம் எண்டு எழுதும். வரைபடத்தில் பார்த்த சொல், செய்தியில் கேட்ட சொல். மலை + அகம் எண்டு பிரித்துப் பார்க்கும்போதுதான் அது ஒரு திசையின் பெயர் இல்லை, மலையை வீடாகக் கொண்ட ஆட்களின் பெயர் எண்டது தெரியவரும். அரசாங்கக் கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்' எண்டு எழுதப்பட்ட மக்கள் தங்களை மலையகத் தமிழர் எண்டு சொல்லிக்கொள்வதன் அர்த்தம் அந்த இரண்டு படத்துக்குள் இருக்கு. 2023இல் அவர்கள் தங்கட 200 வருட வரலாற்றை நினைவுகூர்ந்தபோது முன்னால் வைத்ததும் இந்தச் சொல்லைத்தான். ஆனால் இதே நொடியை ஒரு தோட்டப் பாடசாலையில் போட்டால் வேற விடையும் வரலாம். "மலையில இருக்கிற வீடு? லயம், சேர்." அந்தப் பிள்ளை கண்ணால் பார்க்கிறதைச் சொல்லுது. விடைத்தாளில் மலையகம் எண்டு மட்டும் எழுதி வைத்திருக்கிற ஆசிரியர் அதை வெட்டிவிட்டால், வகுப்பில் நடந்திருக்கக்கூடிய மிக நல்ல பேச்சு அந்த இடத்திலேயே செத்துப் போகும். லயத்தையும் பலகையில் எழுதுங்கோ. ஏன் அது அகமாகவில்லை எண்டு பிள்ளைகளையே கேளுங்கோ.

அகத்துக்கு எல்லை இருக்கெண்டதையும் அதே பாடத்தில் காட்ட வேணும், இல்லாட்டிப் பிள்ளையள் 🐔🏠ஐக் கோழியகம் ஆக்கிவிடுவினம். அது கோழிக்கூடு. 🐄🏠 மாட்டுக்கொட்டில். 👑🏠 அரண்மனை. மனிதர் போய்வந்து ஏதாவது அலுவல் பார்க்கிற இடத்துக்குத்தான் பெரும்பாலும் அகம் போட்டுப் புதுச் சொல் செய்கிறோம் எண்டு ஒரு பிள்ளை கண்டுபிடித்தால், அதை நாங்கள் சொல்லிக் குடுத்ததிலும் பார்க்க நூறு பங்கு நல்லம்.

இவ்வளவுக்கும் எட்டு நொடிக்கு மேல் தேவையில்லை. எட்டு எண்டது பாடவேளையைப் பார்த்துச் சொல்கிற கணக்கு. நாற்பது நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடம் படங்களின் பொருளைத் தீர்மானிக்கப் போகும். பதினைந்து நிமிடம் பிள்ளையள் இரண்டு இரண்டு பேராக இருந்து எழுதுவினம். மிச்சம் இருபது நிமிடம் பேச வேணும். இருபது நொடி குடுத்தால் பேசுகிற நேரம் இல்லாமல் போய், திரும்பவும் பெயர் கூப்பிடுகிற விளையாட்டாகிவிடும்.

அடுத்தது புள்ளி. இங்கதான் எங்களுக்கும் பல ஆசிரியர்களுக்கும் கருத்து வேறுபாடு. வழக்கமாக விடை சரியெண்டால் ஒரு புள்ளி, பிழையெண்டால் சைபர். நாங்கள் ஒவ்வொரு நொடிக்கும் மூன்று புள்ளி வேணும் எண்டு சொல்கிறோம். இரண்டு படத்துக்கும் உரிய சொற்களைப் பிரித்து எழுதினதுக்கு ஒன்று. அவற்றைச் சரியாகச் சேர்த்து எழுதினதுக்கு ஒன்று. அந்தச் சொல்லை வைத்து ஒரு வசனம் எழுதினதுக்கு ஒன்று. மூன்றாவது புள்ளியை விடவே கூடாது, ஏனெண்டால் பக்கத்துக் கொப்பியைப் பார்த்து வெதுப்பகம் எண்டு எழுதின பிள்ளை வசனத்தில் பிடிபடும். "வெதுப்பகம்இல் பாண் வாங்கினேன்" எண்டு எழுதினால் சொல் அவளுக்கு இன்னும் சொந்தமாகவில்லை. "வெதுப்பகத்தில பாண் வாங்கினேன்" எண்டு, பேச்சு வழக்கில் எழுதியிருந்தால் கூட, அந்தச் சொல் அவளுடையது.

இரண்டாவது புள்ளிதான் எமோஜி நொடியின் உண்மையான இலக்கணப் பாடம். படங்களுக்கு இடையில் ஒரு வெற்றிடம் இருக்கு. அந்த வெற்றிடத்தில் தமிழ் என்ன செய்கிறது எண்டு படம் காட்டாது. நூல் + அகம் சும்மா ஒட்டிக்கொள்ளுது. மருந்து + அகம் சேரும்போது 'து'வில் இருக்கிற உகரம் விலகி வழி விடுது. மலை + அகம் சேரும்போது இடையில் ஒரு 'ய்' வந்து இருக்குது. ஒரே 🏠, மூன்று விதமான கதவு. புணர்ச்சி எண்ட தலைப்பில் பாடப்புத்தகத்தில் பிள்ளை பயந்து நடுங்கிற விசயம் இதுதான். இங்க அது நொடியின் கடைசித் திருப்பமாக வருது.

இதையே இன்னும் கூர்மையாகக் காட்ட ஒரு மூன்று நொடி போதும். 🌊🐴, 🥛🍚, 🦵👕. கடல், குதிரை. பால், சோறு. கால், சட்டை. பிள்ளையள் கடல்குதிரை, பால்சோறு, கால்சட்டை எண்டு எழுதுவினம். முதல் புள்ளியைக் குடுங்கோ. பிறகு மூன்றையும் பலகையில் கீழுக்குக் கீழ் எழுதிப் பக்கத்தில் கடற்குதிரை, பாற்சோறு, காற்சட்டை எண்டு எழுதி, என்ன மாறியிருக்கு எண்டு மட்டும் கேளுங்கோ. ல் போய் ற் வந்ததை அவர்கள் காண்பினம். எப்ப மாறுது எண்டு கேட்டால் க, ச வரும்போது எண்டு சொல்லுவினம். த, பவும் சேர்த்தி எண்டதுக்கு நீங்கள் ஒன்றிரண்டு உதாரணம் குடுக்கலாம். கடலில் புல் தின்னுகிற பெரிய உயிர் ஒன்று மன்னார்ப் பக்கம் இருக்கு, 🌊🐄, அது கடற்பசு. கால் + விரல் எண்டால்? மாறவில்லை, கால்விரல்தான். வ வல்லெழுத்து இல்லை. பத்து நிமிடத்தில் ஒரு விதி வந்துவிட்டது, அதைப் பிள்ளைகளே எடுத்தார்கள்.

ஆனால் வகுப்பில் ஒரு குறும்புப் பிள்ளை கட்டாயம் இருக்கும். 🥛🍵 எண்டு எழுதிக் காட்டி "அப்ப இது என்ன ரீச்சர்?" எண்டு கேட்கும். விதிப்படி பார்த்தால் பால் + தேத்தண்ணி, பாற்றேத்தண்ணி ஆக வேணும். எந்தத் தேத்தண்ணிக் கடையில் போய் அப்படிக் கேட்கலாம்? பால்தேத்தண்ணி பால்தேத்தண்ணிதான். பால்மாவும் பால்மாதான். இந்தக் கேள்வியை மறைக்கத் தேவையில்லை. பழைய சேர்க்கைகளில் விதி உறைந்து இருக்கு, புதிதாகச் சேர்ந்தவற்றில் நாங்கள் பெரும்பாலும் சொற்களை மாற்றாமல் பக்கத்தில் வைத்துவிடுகிறோம். வாழ்கிற மொழி அப்படித்தான் நடக்கும் எண்டு நேராகச் சொல்லிவிடலாம்.

இப்ப தள்ளி வைத்த விடைத்தாள் விசயத்துக்கு வருவம். எமோஜிக்கு நாடு கிடையாது எண்டு பலர் நினைக்கிறார்கள். படத்துக்குக் கிடையாது, சரி. ஆனால் படத்தைப் பார்த்து வாயில் வரும் சொல்லுக்கு ஊர் இருக்கு. 🔑 எங்கட கனபேருக்குத் திறப்பு. மலையகத்தில் பல வீடுகளில் சாவி. 🍉 வத்தகப்பழம், 🥜 கச்சான், 👟 சப்பாத்து, 🧼 சவர்க்காரம், 🍊 தோடம்பழம். தமிழ்நாட்டில் செய்த தாளில் இவை ஒன்றும் இருக்காது. 👩 அம்மா எண்டு ஒரு தாளில் அச்சடித்திருந்தால், வீட்டில் உம்மா எண்டு கூப்பிடுகிற பிள்ளை அந்தக் கோட்டில் என்ன எழுதுவது எண்டு ஒரு செக்கன் யோசிக்கும். அந்த ஒரு செக்கன் எங்களுக்கு முக்கியம். வட்டாரச் சொல்லை ஏற்றால் பொதுத் தமிழ் கெட்டுவிடும் எண்டு வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாற்காலியும் பிள்ளைக்குத் தெரிய வேணும் எண்டதில் எங்களுக்கு மறுப்பில்லை. அதைக் கதிரையை வெட்டித்தான் படிப்பிக்க வேணும் எண்டதில்தான் மறுப்பு. கதிரையும் சப்பாத்தும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை எண்டு சொல்லி, நாற்காலிக்குள் நாலு காலைத் தேடச் சொன்னால் ஒரு பிள்ளைக்கு இரண்டு சொல்லும் மிச்சம்.

கூட்டுச்சொல் நொடியில் இது இன்னும் சுவாரசியமாக வரும். 🔥📦 எண்டால் தீப்பெட்டியா, நெருப்புப்பெட்டியா? இரண்டும் சரி. 🔥🐔 எண்டால் தீக்கோழி, நெருப்புக்கோழி, இரண்டும் ஒரே பறவை. (பொரிச்ச கோழி எண்டும் ஒரு விடை வரும். சிரித்துவிட்டு விடலாம், பிரித்து எழுதினதுக்குரிய ஒரு புள்ளி கூடக் கிடைக்காது.) ஆகவே விடைத்தாளை ஆசிரியர் தனியாக இருந்து எழுதக் கூடாது. அந்த வகுப்பில் இல்லாத மூன்று பிள்ளைகளிடம், முடிந்தால் மூன்று வேறு வேறு வீட்டுப் பேச்சு உள்ள பிள்ளைகளிடம், நொடியை முதலில் குடுத்துப் பார்க்க வேணும். மூன்று பேரும் வேறு வேறு சொல் சொன்னாலும் ஒரே பொருளைச் சொன்னால், மூன்றையும் விடைத்தாளில் ஏற்றுங்கோ. மூன்று பேரும் வேறு வேறு பொருளைச் சொன்னால் பிழை படத்தில். அந்தப் படத்தைத் தூக்குங்கோ. ☁️ இப்படியான ஒரு படம். அதைக் காட்டினால் எங்கட பிள்ளையள் முகில் எண்டுதான் சொல்லும். வானவில்லுக்கும் வான்கோழிக்கும் (☁️🐔) அதைப் பாவிப்பதெண்டால், பாடத்தின் முதல் ஐந்து நிமிடத்திலேயே "இண்டைக்கு இது வானம்" எண்டு பேசி வைக்க வேணும். பிறகு ☁️🐟ஐப் போட்டு, வான்மீன் எண்டு எழுதின பிள்ளையிடம் வானத்துக்கு இன்னொரு சொல் கேட்டால் விண்மீன் வந்து சேரும்.

சில விசயங்கள் எமோஜியால் முடியாது. வினைச்சொல் முடியாது. 🏃 எண்டது ஓடுகிறானா, ஓடினாளா, ஓட்டமா, ஓட்டப்போட்டியா எண்டு எந்தப் பிள்ளையாலும் சொல்ல ஏலாது. தமிழில் திணையும் பாலும் காலமும் வினையின் வாலில்தான் இருக்கு, படத்துக்கு வால் இல்லை. உறவுமுறையும் முடியாது, ஒரு மீசைக்கார ஆளின் படத்தை வைத்து மாமாவையும் சித்தப்பாவையும் பிரிக்க முடியாது. இதுகளுக்கு வேற வழி இருக்கு, எமோஜியை இழுத்து நீட்டத் தேவையில்லை.

தாளைப் பற்றி ஒரு வார்த்தை. போனில் பளிச்செண்டு இருக்கிற 🍎, 🍑, 🍅 மூன்றும் கறுப்பு வெள்ளைப் போட்டோகொப்பியில் ஒரே சாம்பல் உருண்டை. 🍚 ஐஸ்கிரீம் மாதிரித் தெரியும். புதிதாகச் சேர்ந்த படங்கள், உதாரணத்துக்கு 2022இல் வந்த 🪭, பழைய போனில் வெறும் பெட்டியாக நிற்கும். ⚡🪭 போட்டு மின்விசிறியை எதிர்பார்த்திருக்கிற ஆசிரியருக்கு வகுப்பு "மின்பெட்டி" எண்டு பதில் சொல்லும். எங்கட சிபாரிசு, படத்தைப் பலகையில் கையால் கீறுங்கோ. நாலு கோட்டில் கீறக்கூடிய படத்தை மட்டும் தெரிவு செய்யுங்கோ. வீடு, மலை, அலை, மீன், நெருப்பு, கால். போன் இல்லாத பிள்ளைக்கும் அப்ப அது சமமான விளையாட்டு. நிறத்தை நம்பி நிற்கிற எந்த நொடியும் வேண்டாம்.

படித்தார்களா எண்டு அறிய அடுத்த கிழமை ஒரு நொடி போதும். வகுப்பில் ஒருநாளும் பேசாத ஒன்று: 🖨️🏠. "பிரிண்ட் அடிக்கிற கடை" எண்டு எழுதினால் பழைய வாரத்துப் பாடம் காற்றில் போயிட்டுது. அச்சகம் எண்டு ஒரு பிள்ளை தானாக எழுதினால், அவளுக்கு அகம் விளங்கியிருக்கு, உகரம் விலகுவதும் கையில் இருக்கு.

அதுக்குப் பிறகு ஆசிரியர் நொடி போடுவதை நிறுத்திவிடலாம். பிள்ளைகளிடம் குடுத்துவிடுங்கோ, தங்கட ஊரின் பெயரையே நொடியாக்கச் சொல்லுங்கோ. 🐘🏰 ஆனைக்கோட்டை. 🌸🏙️ பூநகரி. 📏🏝️ நெடுந்தீவு. 🐟🎤🍯 எண்டு போட்டால் மட்டக்களப்புப் பிள்ளைக்கு உடனே விளங்கும். 🏘️💂⚓ஐப் பார்த்து "ஊர்ப் பொலிஸ்" எண்டு ஒரு பிள்ளை சொல்லும். காவலும் துறையும் சேர்ந்து காவற்றுறையாகி ஊர்காவற்றுறை வரும்போது, போன கிழமை பாற்சோற்றில் பார்த்த அதே ற் திரும்பவும் முகத்தைக் காட்டும், இந்த முறை பக்கத்தில் நின்ற 'து'வையும் 'று'வாக்கிக்கொண்டு. ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கோ: நொடி வேற, ஊர்ப்பெயர் வரலாறு வேற. 🐚🐘 போட்டுச் சங்கானை எண்டு விடை எடுக்கலாம், ஆனால் அங்க சங்கு ஊதின ஆனை ஒன்று நிண்டதாக அடுத்த நாள் கட்டுரைக் கொப்பியில் வந்தால் அதுக்கு நாங்கள் பொறுப்பில்லை.